கணக்குச் சரி, விடை இல்லை: ஒரு பிள்ளையின் 0.16 மில்லிமீற்றர்

ஊர் மக்களே, பெற்றோரே, இதை வாசிக்கும் சக ஆசிரியர்களே.

பதிவு நீளமானது. கொஞ்சம் கணக்கும் வரும். பிள்ளைக்கு ரியூஷன் காசு கட்டும் வாப்பாமாரும் உம்மாமாரும் தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கள். கணக்கு கூட்டல் பெருக்கல்தான், பயப்பட வேண்டாம்.

போன கிழமை பின்னேரம் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை கொப்பியோடு வந்தாள். வட்ஸ்அப் குழுவொன்றில் ஒளி அலைகள் பற்றிய பல்தேர்வு வினாக்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் அக்கரையில், இந்திய மருத்துவ நுழைவுப் பரீட்சைகளில் வந்த கேள்விகள். தமிழில் பயிற்சி குறைவென்பதால் நம் பிள்ளைகள் இராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதையும் தேடிச் செய்கிறார்கள். அதில் தவறில்லை. நாம் ‘தலையீடு’ என்பதை அங்கே ‘குறுக்கீட்டு விளைவு’ என்கிறார்கள், நம்முடைய ‘கோணல்’ அங்கே ‘விளிம்பு விளைவு’. ஒளி இரண்டு கரையிலும் ஒரே மாதிரித்தான் நடக்கிறது.

ஒரு கேள்விக்கு அவளுக்கு 0.16 மில்லிமீற்றர் வந்திருக்கிறது. கொடுத்த விடைகளிலோ 1.7, 1.8, 1.9, 2.1 மட்டும்தான். “தசமப் புள்ளியை எங்கேயோ பிழையாக வைத்துவிட்டேன்” என்று நினைத்து, 1.6க்குக் கிட்ட இருக்கும் 1.7ஐ அடையாளமிட்டிருக்கிறாள். பிழை. குழுவில் கேட்டதற்கு வந்த பதில்: “எண்களைப் பார்க்காதே, விகிதம் மட்டும் போடு, விடை 1.9.” அவ்வளவுதான்.

“சேர், நான் எங்கே பிழை விட்டேன்?” என்று கேட்டாள். இரவு இருந்து மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். அவள் எங்கேயும் பிழை விடவில்லை. பிழை கேள்வியில் இருக்கிறது.

இதைச் சொன்னதும் “பயிற்சிக் கலாசாலை முடித்த விஞ்ஞான வாத்தியாருக்கு உயர்தரப் பௌதிகவியலில் என்ன வேலை” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் பௌதிகவியல் பட்டதாரி இல்லை. அதனால்தான் என் சொல்லை நம்பச் சொல்லாமல் கணக்கை உங்கள் முன்னால் வைக்கிறேன். நீங்களே பாருங்கள்.

முதலில் விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு தகட்டில் மிக நெருக்கமாக இரண்டு மெல்லிய பிளவுகள். பின்னால் ஒரே நிற ஒளி, முன்னால் தூரத்தில் ஒரு திரை. திரையில் இரண்டு கோடுகள் விழும் என்றுதான் யாரும் நினைப்போம். விழுவதோ வெளிச்சமும் இருட்டுமாக மாறி மாறி வரும் பல பட்டைகள். தோமஸ் யங் 1800களின் தொடக்கத்தில் ஒளி ஓர் அலை என்று காட்ட இந்தப் பட்டைகளைத்தான் பிடித்தார். இரண்டு பிளவிலிருந்தும் வரும் அலைகளின் முடிகள் சேர்ந்து வந்தால் வெளிச்சம். ஒன்றின் முடியும் மற்றதன் தாழியும் சந்தித்தால் இருட்டு.

ஒரு வெளிச்சப் பட்டையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரையுள்ள தூரம்தான் பட்டை அகலம். அதற்கான சூத்திரம் β = λD/d. λ ஒளியின் அலைநீளம், D திரைக்குள்ள தூரம், d பிளவுகளுக்கு இடையிலான தூரம். பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்கிறார்கள், ஆனால் மூன்று எண்ணும் மூன்று அலகில் வரும்: அலைநீளம் நனோமீற்றரில், திரைத் தூரம் சென்ரிமீற்றரில், பிளவு மில்லிமீற்றரில். மூன்றையும் மீற்றருக்கு மாற்றும்போது பத்தின் அடுக்குகளில் ஒன்று வழுக்கிவிடும். கேள்வி செய்பவருக்கு இது நன்றாகத் தெரியும். வழுக்கினால் வரும் எண்ணையே ஒரு விடையாக எழுதி வைத்திருப்பார். பிள்ளை பிழையாகச் செய்து அந்த எண்ணைப் பார்த்ததும் “ஆஹா, இருக்கிறது” என்று அடையாளமிட்டுவிட்டுப் போகும்.

இதை நான் குறை சொல்லவில்லை. நேர்மையாகச் செய்தால் அது நல்ல கேள்வி. ஓர் உதாரணம் காட்டுகிறேன்.

2014 இல், அப்போது ஏ.ஐ.பி.எம்.ரி என்று பெயரிருந்த இந்திய மருத்துவ நுழைவுப் பரீட்சையில் வந்தது. 600 நனோமீற்றர் ஒளி, 1 மில்லிமீற்றர் அகலமான ஒற்றைப் பிளவு, 2 மீற்றர் தூரத்தில் திரை. நடு வெளிச்சத்தின் இரண்டு பக்கமும் உள்ள முதலாவது இருட்டுகளுக்கு இடையில் எவ்வளவு தூரம்? விடைகள்: 1.2 செ.மீ, 1.2 மி.மீ, 2.4 செ.மீ, 2.4 மி.மீ.

விடைகளைப் பாருங்கள். எண் இரண்டுதான், அலகும் இரண்டுதான். இதில் இரண்டு பொறி இருக்கிறது. எண்ணில் உள்ள பொறி பௌதிகம் தெரியுமா என்று பார்க்கிறது. அலகில் உள்ள பொறி அளவு தெரியுமா என்று பார்க்கிறது.

எண்ணை முதலில் பார்ப்போம். இது ஒற்றைப் பிளவு, அதாவது கோணல் பாடம். இங்கே பாதை வித்தியாசம் சரியாக ஓர் அலைநீளம் ஆகும் இடத்தில் இருட்டு வரும். இரட்டைப் பிளவிலோ அதே ஓர் அலைநீள வித்தியாசம் வெளிச்சத்தைத் தரும். சூத்திரம் பார்வைக்கு ஒன்றுபோல, அர்த்தம் நேரெதிர். ஏன்? இரட்டைப் பிளவில் சந்திப்பது இரண்டு அலைகள். ஒன்று மற்றதிலிருந்து ஒரு முழு அலை பிந்தினால் முடியோடு முடி சேர்ந்து வெளிச்சம் வரும். ஒற்றைப் பிளவிலோ அதன் முழு அகலத்திலிருந்தும் ஒளி புறப்படுகிறது. மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் வித்தியாசம் ஓர் அலை என்றால், மேல் விளிம்புக்கும் நடுவுக்கும் அரை அலை. ஆகவே மேற்பாதியிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் கீழ்ப்பாதியில் அரை அலை பிந்திய ஒரு சோடி இருக்கும். சோடி சோடியாக அழிந்து அந்த இடம் இருண்டுவிடும். நடுவிலிருந்து முதல் இருட்டுக்கு λD/a, இங்கே a என்பது பிளவின் அகலம். கேள்வி இரண்டு பக்க இருட்டுக்கும் இடையிலான தூரத்தைக் கேட்கிறது, ஆகவே அதன் இரண்டு மடங்கு. இதைக் கவனிக்காத பிள்ளைக்கு 1.2, கவனித்த பிள்ளைக்கு 2.4.

இனி அலகு. இங்கேதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒரு வழி இருக்கிறது. சூத்திரத்தை λ × (D/d) என்று பிரித்து வாசியுங்கள். D/d என்பது தூரத்தைத் தூரத்தால் பிரித்தது, அதற்கு அலகே இல்லை. அது ஒரு பெருப்பிக்கும் எண். கண்ணுக்குத் தெரியாத அலைநீளத்தை அத்தனை மடங்கு பெருப்பித்துத் திரையில் காட்டுகிறது இந்த ஏற்பாடு, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் எப்போதும் அரை மைக்குரோமீற்றர் அளவில்தான் இருக்கும். 600 நனோமீற்றர் என்றால் 0.0006 மில்லிமீற்றர். எல்லாவற்றையும் மில்லிமீற்றரில் வைத்தால் திரைத் தூரம் 2000, பிளவு 1. பெருப்பம் 2000 மடங்கு. 0.0006 × 2000 = 1.2 மில்லிமீற்றர். இரண்டு பக்கத்துக்கும் 2.4 மில்லிமீற்றர். பத்தின் அடுக்கு இல்லை, கல்குலேட்டரும் இல்லை. செ.மீ விடைகள் இரண்டும் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். 6000 அங்ஸ்ரம் என்று படித்த பழக்கத்தில் 6000 நனோமீற்றர் என்று எடுத்த பிள்ளைக்குத்தான் அந்த சென்ரிமீற்றர் வரும்.

இந்தக் கேள்வியில் கொடுத்த எண்கள் எல்லாம் உண்மை. அந்தப் பிளவையும் அந்தத் திரையையும் மேசையில் வைத்தால் 2.4 மில்லிமீற்றர்தான் வரும். பொறி இருக்கிறது, பொய் இல்லை. இப்படிப்பட்ட கேள்விகளை நூறு கொடுங்கள், நான் வரவேற்கிறேன்.

இப்போது அந்தப் பிள்ளை கொண்டுவந்த கேள்விக்கு வாருங்கள். இது 2018 மே 6 நடந்த நீட் பரீட்சையில் வந்தது. இரட்டைப் பிளவு, d = 2 மில்லிமீற்றர், அலைநீளம் 5896 அங்ஸ்ரம், திரை 100 சென்ரிமீற்றரில். பட்டையின் கோண அகலம் 0.20 பாகை என்று காணப்படுகிறது. அலைநீளத்தையும் திரையையும் மாற்றாமல் அதை 0.21 பாகை ஆக்க வேண்டுமென்றால் பிளவு இடைவெளியை எவ்வளவாக மாற்ற வேண்டும்? விடைகள் 1.8, 1.9, 2.1, 1.7 மில்லிமீற்றர்.

கோண அகலம் λ/d. ஆகவே d குறைந்தால் கோணம் கூடும். விகிதம் போட்டால் 2 × 0.20 ÷ 0.21, கிட்டத்தட்ட 1.9. இதுதான் எதிர்பார்த்த விடை.

ஆனால் கேள்வி “காணப்படுகிறது” என்கிறதே, அந்த 0.20 பாகையை உண்மையிலேயே காண முடியுமா? நம் வழியிலேயே பார்ப்போம். திரை 1000 மில்லிமீற்றர், பிளவு 2 மில்லிமீற்றர், பெருப்பம் 500 மடங்கு. அலைநீளம் 0.00059 மில்லிமீற்றர். பெருக்கினால் பட்டை அகலம் 0.29 மில்லிமீற்றர். ஒரு மீற்றர் தூரத்தில் 0.29 மில்லிமீற்றர் என்பது ஏறத்தாழ 0.017 பாகை. கேள்வி சொல்லும் 0.20 பாகையோ ஒரு மீற்றரில் 3.5 மில்லிமீற்றர். பன்னிரண்டு மடங்கு வித்தியாசம்!

0.017 பாகை என்றால் பாகையின் அறுபதில் ஒரு பங்கு. ஒரு மீற்றர் தள்ளி நின்று பார்க்கும் நல்ல கண்ணுக்கு மட்டுமட்டாகப் பிரித்தறியக்கூடிய அளவு அது. 3.5 மில்லிமீற்றர் என்றால் கொப்பிக் கோடுபோல எண்ணிவிடலாம். அந்த ஒளியில் 0.20 பாகை வர வேண்டுமென்றால் பிளவு இடைவெளி 2 மில்லிமீற்றர் அல்ல, 0.17 மில்லிமீற்றர் அளவில் இருந்திருக்க வேண்டும். கேள்வியில் சொன்ன பிளவும் ஒளியும் கோணமும் ஒரே மேசையில் ஒன்றாக இருக்கவே முடியாதவை.

இனி நம் பிள்ளை என்ன செய்தாள் என்று பாருங்கள். அலைநீளம் கொடுத்திருக்கிறது, வர வேண்டிய கோணம் கொடுத்திருக்கிறது. d = λ/θ. பாகையை ஆரையனுக்கு மாற்ற வேண்டும் என்பதைக்கூட அவள் மறக்கவில்லை. பிள்ளைகள் அதிகம் வழுக்கும் இடம் அது. 0.21 பாகை என்றால் 0.00367 ஆரையன். 0.00059 ஐ அதால் பிரித்தால் 0.16 மில்லிமீற்றர். சூத்திரம் சரி, அலகு சரி, வகுத்தல் சரி. விடை மட்டும் தாளில் இல்லை. அப்போது அவள் யாரைச் சந்தேகிப்பாள்? தன்னைத்தான். “பத்து மடங்கு வழுக்கிவிட்டேன்போல” என்று 1.7ஐப் போட்டாள். அந்தப் பரீட்சையில் சரிக்கு 4 புள்ளி, பிழைக்கு ஒரு புள்ளி கழிவு. இப்படிச் செய்த பிள்ளைக்கு ஒரே கேள்வியில் ஐந்து புள்ளி இடைவெளி. எண்களைப் பார்க்காமல் விகிதம் போட்ட பிள்ளைக்கு நான்கு புள்ளி. கொடுத்த தரவை நம்பிய பிள்ளைக்குத் தண்டனை, கண்டுகொள்ளாத பிள்ளைக்குப் பரிசு. இதற்கா பௌதிகவியல் என்று பெயர்?

இங்கே ஒரு சகோதரர் வாதாடினார்: “விகிதம் போட்டால் எப்படியும் 1.9தான் வருகிறது, ஏன் இவ்வளவு சத்தம்?” விகிதம் நல்ல முறை, நான் அதற்கு எதிரி இல்லை. 2020 நீட்டில் வந்ததைப் பாருங்கள்: பிளவு இடைவெளியைப் பாதியாக்கி, திரைத் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் பட்டை அகலம் என்னவாகும்? நான்கு மடங்காகும். அங்கே எண்ணே இல்லை, விகிதம் மட்டும்தான் வேண்டும், கேள்வி சுத்தம். 2018 கேள்விக்கும் விகிதம் மட்டுமே போதும் என்றால் 5896 அங்ஸ்ரத்தையும் 100 சென்ரிமீற்றரையும் ஏன் கொடுத்தார்கள்? பிள்ளையைத் திசைதிருப்பத்தான் என்றால் அதுவும் சரி, தேவையில்லாத தரவை ஒதுக்கத் தெரிவதும் ஒரு திறமை. ஆனால் திசைதிருப்பக் கொடுக்கும் தரவும் உண்மையாக இருக்க வேண்டும். உண்மையாக இருந்தால் விகிதம் போட்ட பிள்ளையும் நேராகக் கணக்கிட்ட பிள்ளையும் ஒரே விடைக்கு வந்து சேர்வார்கள். இரண்டு சரியான வழிகள் இரண்டு விடை தந்தால் பிழை வழியில் இல்லை, கேள்வியில்.

அதே 2018 நீட்டின் தமிழ் வினாத்தாள் பெரிய வழக்காகியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று 196 புள்ளி கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. பின்னர் இந்திய உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. சொல் பிழைத்தால் பிள்ளை பாதிக்கப்படும் என்று நீதிமன்றம் வரை போனார்கள், போகத்தான் வேண்டும். எண் பிழைத்தாலும் பிள்ளை பாதிக்கப்படும் என்பதுதான் என் வாதம். அந்த 0.20 பாகை எந்த மொழியில் வாசித்தாலும் ஒரே பிழைதான். நல்ல மொழிபெயர்ப்பால் அதைத் திருத்த முடியாது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். அந்தப் பரீட்சை முடிந்துபோனது. நம் பிள்ளைகள் அதை எழுதவும் இல்லை. ஆனால் கேள்வி இன்னும் தொலைபேசிக்குத் தொலைபேசி போய்க்கொண்டிருக்கிறது. அனுப்புகிறவர்கள் ஒருதரம் போட்டுப் பார்ப்பதில்லை. கேட்கும் பிள்ளைக்கு “எண்களைப் பார்க்காதே” என்கிறார்கள். என் கோபம் இதில்தான். கேள்வி செய்தவர் ஒருதரம் பிழை விட்டார். நாமோ அந்தப் பிழையைப் பாடமாக்கி, எண்ணைப் பார்க்காமலிருக்கப் பிள்ளைகளைப் பழக்குகிறோம்.

அந்தப் பிள்ளையின் வாப்பா கடலுக்குப் போகிறவர். கடையில் வலை வாங்கும்போது கண்ணின் அளவைச் சீட்டில் வாசித்துவிட்டு வருபவரா அவர்? இரண்டு அங்குலக் கண் என்று சொல்லி வேறொன்றை நீட்டினால் விரலை விட்டுப் பார்த்தே “இது அது இல்லை” என்பார். அளவு அவர் கையில் இருக்கிறது. அவருடைய மகளுக்கு ஒளியின் அளவு கையில் இருக்க வேண்டாமா?

இருக்கச் செய்யலாம், செலவும் இல்லை. கடையில் விற்கும் சிவப்பு லேசர் விளக்கு, ஒரு தலைமயிர், ஒரு வெள்ளைச் சுவர். லேசரின் வாயில் தலைமயிரை நேராகப் பிடித்து ஒட்டி, மூன்று மீற்றர் தள்ளி இரவில் சுவரில் அடியுங்கள். கதிரை யாருடைய கண்ணிலும் படவிட வேண்டாம், கண்ணாடி போன்ற பளபளப்பான பொருளிலும் அடிக்க வேண்டாம். சுவரில் வெளிச்சமும் இருட்டுமாகக் கோணல் பட்டைகள் விழும். மெல்லிய தடையும் அதே அகலமுள்ள பிளவும் இருட்டுகளை ஒரே இடத்தில்தான் தரும். அடுத்தடுத்த இரண்டு இருட்டுகளுக்கு இடையில் அடிமட்டத்தால் அளவுங்கள். 28 மில்லிமீற்றர் வந்தால், லேசரின் அலைநீளம் 0.00065 மில்லிமீற்றர் என்று வைத்து, 0.00065 × 3000 ÷ 28. ஏறத்தாழ 0.07 மில்லிமீற்றர். அதுதான் அந்த மயிரின் தடிப்பு. மயிர் மெல்லியதாக இருந்தால் பட்டைகள் இன்னும் விரியும். நடுவிலுள்ள இடைவெளி மட்டும் மற்றவற்றைப்போல இரண்டு மடங்கு இருப்பதையும் காணலாம். 2014 கேள்வியின் அந்த இரண்டு மடங்கு சுவரிலேயே தெரியும்.

இதை ஒருதரம் கையால் அளந்த பிள்ளைக்கு, 2 மில்லிமீற்றர் பிளவு ஒரு மீற்றரில் மூன்றரை மில்லிமீற்றர் பட்டை தரும் என்று யாராவது சொன்னால் உடனே இடிக்கும். “தலைமயிரே மூன்று மீற்றரில் 28 மில்லிமீற்றர்தான் தந்தது. அதைவிட முப்பது மடங்கு அகன்ற இடைவெளி, மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் எப்படி இவ்வளவு தரும்?” என்று கேட்பாள். 28ஐ முப்பதாலும் மூன்றாலும் பிரித்தால் 0.3 மில்லிமீற்றர். மனத்தாலேயே உண்மை விடைக்கு வந்துவிட்டாள்.

ஆகவே கேள்விகள் அனுப்புகிற தம்பிமாரே, ரியூஷன் நடத்துகிற சகோதரர்களே, கேட்பது ஒன்றுதான். அலைக் கணக்கு ஒன்றை அனுப்பு முன் அலைநீளத்தை D/d ஆல் பெருக்கி, கொடுத்த பட்டை அகலமோ கோணமோ அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் எண்ணைத் திருத்தி அனுப்புங்கள். இந்தக் கேள்விக்கு d ஐ 0.17 என்றும் விடைகளை 0.15, 0.16, 0.18, 0.19 என்றும் மாற்றினால் போதும். விகிதம் போட்டாலும் 0.16, நேராகக் கணக்கிட்டாலும் 0.16.

பிள்ளைகளுக்கு: உங்கள் விடை தாளில் இல்லாவிட்டால் முதலில் உங்கள் அலகைப் பாருங்கள், பத்தில் ஒன்பது தரம் அங்கேதான் இருக்கும். அது சரியென்றால் தரவுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பரீட்சை மண்டபத்தில் இருந்தால் விகிதத்துக்குப் போய்ப் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருந்தால் விடவேண்டாம், கொப்பியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

அந்தப் பிள்ளையின் கொப்பியில் 1.7ஐ வெட்டிவிட்டு, அவள் முதலில் எழுதிய 0.16 மி.மீ க்குச் சரி போட்டுக் கையொப்பம் வைத்துக் கொடுத்தேன். என் கணக்கில் பிழை கண்டவர்கள் எண்ணோடு வாருங்கள், திருத்திக்கொள்கிறேன்.